படம் அழிந்துபோனால் மாடித் தோட்டத்தை எழுத்தில் விவரிப்பது எப்படி: கிளிநொச்சியிலிருந்து ஒரு வழிகாட்டி

போன வருடம் யூலையில் என் போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்து செத்தது. மாடியில் எடுத்த படங்கள் அதோடு போயின. அந்தப் படங்களை வவுனியாவில் இருக்கும் சித்தப்பாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அவர் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், காலபோகத்துக்கு எந்தச் சாடியில் எதை நடுவது என்று திட்டம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் உரையாடலில் செய்தி 7 நாளில் மறைகிற மாதிரி எங்களில் யாரோ அமத்தி வைத்திருக்கிறோம். அவர் பக்கத்திலும் படம் இல்லை.

அம்மாவின் பட்டன் போனில் அழைத்து, "சித்தப்பா, 20 லீற்றர் வாளி எட்டு, பை பன்னிரண்டு, அரைப் பரல் நாலு, நல்ல வெயில், பைப்பும் இருக்கு" என்று சொன்னேன். அதை நம்பி அவர் போட்ட திட்டத்தில் 8 வாளியில் நட்ட மிளகாயும் தக்காளியும் நவம்பர் கடைசியில் நெட்டையாக வளர்ந்து, பூவெல்லாம் உதிர்ந்து நின்றன. மண், எரு, கன்று என்று ஏறக்குறைய 7,000 ரூபா போனது. பிழை அவருடையதல்ல, என் விவரத்துடையது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில் இன்னொரு படம் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பிறகு எடுத்தும் பார்த்தோம். அதைப் பார்த்துவிட்டு சித்தப்பா கேட்ட முதல் மூன்று கேள்விக்கும் படத்தில் பதில் இல்லை: வாளிக்குள் மண் எவ்வளவு ஆழம், டிசம்பரில் அந்த இடத்துக்கு வெயில் எத்தனை மணித்தியாலம், குழாயில் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர். இந்த வருடம் அந்த மூன்றையும் அளந்து எழுதி அனுப்பினேன். அதைச் செய்த ஒழுங்கிலேயே கீழே தருகிறேன்.

1. எப்போது தொடங்குவது, என்ன வேண்டும்

காலபோகத்துக்கு என்றால் ஓகஸ்ட் நடுப்பகுதிக்குள் விவரம் போய்ச் சேர வேண்டும். மிளகாய் விதை நாற்றுமேடையில் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். மழை பிடிக்கிற ஒக்டோபர் நடுவில் கன்று மாற்ற வேண்டுமென்றால் செப்டெம்பர் முதல் பாதியில் விதை போட்டாக வேண்டும். அதற்கு முன் திட்டம் கையில் இருக்க வேண்டும்.

அளவு வேலைக்கு ஒரு முழு நாள் தேவை. மப்பில்லாத நாளாகப் பாருங்கள். எனக்குப் போன செலவு இவ்வளவுதான்: அளவு நாடா 450 ரூபா, கொப்பி 120, சோக்குக்கட்டி 60. வாளியும் மூன்று அடித் தடியும் கயிறும் வீட்டில் இருந்தன.

இரண்டு கடதாசிகளை முதலிலேயே தேடி எடுத்து வையுங்கள். ஒன்று, வீட்டு வரைபடத்தின் பிரதி. பிரதேச சபையில் அனுமதி எடுத்தபோது கொடுத்தது, வீட்டு ஆவணங்களோடுதான் கிடக்கும். தூணும் பீமும் எங்கே போகின்றன என்று அதில் தெரியும், பாரமான சாடிக்கு அது வேண்டும். மற்றது, கிணற்றுத் தண்ணீரை எப்போதாவது சோதித்திருந்தால் அந்த அறிக்கை.

2. வடக்கைக் கண்டுபிடியுங்கள், போன் திசைகாட்டியை நம்ப வேண்டாம்

"படியால ஏறினதும் இடப்பக்கம்" என்று எழுதினால் உங்கள் வீட்டுக்கு வராத ஆளுக்கு அது ஒன்றும் சொல்லாது. எல்லாவற்றையும் திசையிலும் அடியிலும் எழுத வேண்டும். போனில் உள்ள திசைகாட்டி மாடியில் பிழைக்கும், காலுக்குக் கீழே கொங்கிறீட்டுக்குள் கம்பி வலை இருக்கிறது. பக்கத்து வீட்டுப் போனைக் கொண்டு நான்கு இடத்தில் பார்த்தேன், நான்கும் வேறு வேறு வடக்கைக் காட்டின.

நிழலால் பார்ப்பதுதான் திறம். மூன்று அடித் தடியை மண் நிறைந்த வாளியில் நேராக நாட்டுங்கள். காலை 9 மணி அளவில் அதன் நிழல் நுனியில் சோக்கால் ஒரு புள்ளி வையுங்கள். தடியின் அடியிலிருந்து அந்தப் புள்ளி வரை கயிற்றைப் பிடித்து, அதே நீளத்தில் ஒரு வட்டம் கீறுங்கள். நிழல் குறுகி மறுபடி நீளும், பிற்பகல் மூன்றரை மணியை அண்டி நுனி அந்த வட்டத்தைத் திரும்பத் தொடும். அங்கே இரண்டாவது புள்ளி. இரண்டையும் இணைக்கிற கோடு கிழக்கு மேற்கு. காலையில் வைத்த புள்ளிதான் மேற்குப் பக்கம்.

பிறகு மாடியின் ஒரு மூலையைப் பூச்சியம் என்று வையுங்கள். நான் தென்மேற்கு மூலையை எடுத்தேன். அங்கிருந்து கிழக்கே எத்தனை அடி, வடக்கே எத்தனை அடி என்ற இரண்டு எண் போதும், எந்தச் சாடியும் இருக்கிற இடம் விளங்கும்.

3. சாடிகள்: வெளி அளவு வேண்டாம், மண்ணின் அளவு வேண்டும்

ஒவ்வொரு சாடியாக எழுதினால் களைத்துவிடுவீர்கள். ஒரே மாதிரியும் ஒரே வரிசையிலும் இருப்பவற்றை ஒரு குழுவாக்கி அ, ஆ, இ என்று பெயரிடுங்கள். சாடியிலும் சோக்கால் எழுதி விடுங்கள்.

இங்கே எல்லோரும் விடுகிற பிழை, "20 லீற்றர் பெயின்ற் வாளி" என்று எழுதுவது. வாளி 20 லீற்றர்தான். ஆனால் அடியில் கல்லும் பொச்சும் நான்கு அங்குலம் போட்டிருப்போம், மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் விட இடம் விட்டிருப்போம். வேர் போகிற மண் ஒன்பது அங்குலம்தான். ஒரு மெல்லிய கம்பியைக் கரையோரமாகக் குத்தி, கல்லில் முட்டும் வரை அளந்தால் உண்மை தெரியும்.

லீற்றருக்கு ஒரு சுருக்குக் கணக்கு. வாயின் அகலத்தையும் அடியின் அகலத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அதை அதாலேயே பெருக்கி, மண்ணின் ஆழத்தால் பெருக்கி, 78 ஆல் பிரியுங்கள். எல்லாம் அங்குலத்தில், விடை லீற்றரில் வரும். என் வாளிக்கு வாய் 12, அடி 10, நடு 11. 11 × 11 × 9 ஐ 78 ஆல் பிரித்தால் 14 லீற்றர். நான் 20 என்று சொன்ன வாளி அது. மிளகாய்க்கு 14 காணும். தக்காளிக்குப் பத்தாது என்று சித்தப்பா அப்போதே சொல்லியிருப்பார்.

அரைப் பரல் வேறு கதை. 23 அங்குல அகலத்தில் 15 அங்குலம் மண் என்றால் 100 லீற்றருக்குக் கிட்ட. நனைந்த மண்ணோடு ஒன்று 130 முதல் 150 கிலோ வரும். மாடியின் நடுவில் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. கீழே சுவரோ பீமோ ஓடுகிற கோட்டில் வைக்க வேண்டும், வரைபடம் இதற்குத்தான். "இவற்றை நகர்த்த முடியாது" என்றும் எழுதுங்கள். எது நகரும், எது நகராது என்பது திட்டம் போடுகிறவருக்கு முக்கியம், நான் அதைச் சொல்ல மறந்துதான் முதல் தடவை இடறினேன்.

நிறத்தையும் குறியுங்கள். மேற்கு வெயிலில் கறுப்புப் பைக்குள் மண் கொதிக்கும். அடியில் ஓட்டை எத்தனை, சாடி செங்கல்லில் நிற்கிறதா தரையில் நேரே நிற்கிறதா என்பதும் ஒரு சொல்லில்.

4. வெயில்: மாதத்தையும் எழுதுங்கள், நிழல் தருவதன் உயரத்தையும் எழுதுங்கள்

என் பயிர் போனது இந்தப் படியில், அதனால் இதில் கொஞ்சம் நேரம் நிற்கிறேன்.

அளப்பது சுலபம். காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை ஒவ்வொரு மணிக்கும் மேலே போய், ஒவ்வொரு குழுவிலும் வெயில் விழுகிறதா என்று கொப்பியில் சரி போடுங்கள். தரையைப் பார்க்காமல் சாடியின் வாய் மட்டத்தில் கையை நீட்டிப் பாருங்கள். மர இலைக்குள்ளால் பொட்டுப் பொட்டாக விழுகிற வெயிலுக்கு அரைச் சரி. காலை வெயிலையும் பிற்பகல் வெயிலையும் சேர்த்துக் கூட்டாமல் தனித்தனியாக எழுதுங்கள்.

நானும் முதல் தடவையே இதைச் செய்திருந்தேன். யூலையில். படிக்கட்டு அறையின் வடக்குச் சுவரோடு இருந்த 8 வாளிக்கும் 9 சரி விழுந்தது, அதைத்தான் "நல்ல வெயில்" என்றேன். அதே இடத்தில் டிசம்பரில் நடு வாளிகளுக்கு ஒரு மணித்தியாலமும் இல்லை.

காரணம் இதுதான். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஏறக்குறைய வட அகலக்கோடு 9 பாகையில் இருக்கின்றன, வவுனியா சற்றுத் தெற்கே. சூரியன் ஏப்ரல் நடுப்பகுதியில் எங்கள் உச்சந்தலைக்கு வந்து, அதற்குப் பிறகு வடக்கே போய்விடும். ஓகஸ்ட் கடைசியில் திரும்ப உச்சிக்கு வந்து தெற்கே இறங்கும். ஆகவே யூன், யூலையில் நண்பகல் நிழல் சுவருக்குத் தெற்கே விழும், செப்டெம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை வடக்கே விழும். காலபோகப் பயிரின் வாழ்நாள் முழுக்க நிழல் வடக்குப் பக்கத்தில்தான். யூலையில் பார்த்த கணக்கு அதற்கு நேர் எதிர்.

டிசம்பர் வரை காத்திருக்கத் தேவையில்லை, கணக்குப் பார்க்கலாம். டிசம்பர் பிற்பகுதியில் நண்பகலில் ஒரு அடி உயரத்துக்கு ஏழரை அங்குல நிழல் வடக்கே விழும். யூனில் ஒரு அடிக்கு மூன்று அங்குலம் தெற்கே. உயரம் என்பது சாடி வாய்க்கு மேலே உள்ள உயரம். என் படிக்கட்டு அறை 8 அடி, வாளி வாய் ஒரு அடி, மிச்சம் 7 அடி. 7 தரம் ஏழரை என்றால் 52 அங்குலம், நாலரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. என் வாளிகள் சுவரிலிருந்து ஒன்றரை அடியில் நின்றன. நண்பகலில்தான் நிழல் வடக்கே எட்டுவது மிகக் குறைவு, காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் அடிக்குப் பத்து அங்குலம் போகும். ஆக, நண்பகலிலேயே நிழலுக்குள் நிற்கிற சாடி, சுவர் நீளமாக இருந்தால், நாள் முழுக்க நிழலுக்குள்தான். சுவரின் இரண்டு நுனியிலும் நிற்பவற்றுக்கு மட்டும் பக்கவாட்டால் கொஞ்சம் வெயில் வரும்.

கைப்பிடிச் சுவருக்கும் இதே கணக்கு. மூன்று அடித் தெற்குச் சுவரோடு ஒட்டி வைத்த சாடிக்கு வாய்க்கு மேலே இரண்டு அடிச் சுவர், டிசம்பரில் பதினைந்து அங்குலம் நிழல். இரண்டு அடி உள்ளே இழுத்தால் நண்பகல் வெயில் கிடைக்கும்.

எனவே விவரத்தில் மூன்று விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்: அளந்த திகதி, நிழல் தருகிற ஒவ்வொன்றும் மாடித் தரைக்கு மேல் எத்தனை அடி உயரம், அது எந்தத் திசையில் எத்தனை அடி தள்ளி. மரத்தின் உயரத்தைத் தரையிலிருந்து சொல்ல வேண்டாம், மாடிக்கு மேலே எவ்வளவு என்பதுதான் வேண்டும். இவை இருந்தால் வவுனியாவில் இருந்துகொண்டே அவர் எந்த மாதத்துக்கும் கணக்குப் பார்ப்பார். காய்க்கிற பயிருக்கு 6 மணித்தியாலத்துக்குக் குறையாத நேர் வெயில் வேண்டும், கீரை வகைக்கு மூன்று நான்கு போதும். அந்தப் பிரிப்பு அவருடைய வேலை.

5. தண்ணீர்: குழாய் எங்கே என்பதோடு எவ்வளவு வரும் என்பதும்

குழாயின் இடத்தை அதே இரண்டு எண்ணில் எழுதுங்கள், அதிலிருந்து மிகத் தூரத்துச் சாடிக்கு எத்தனை அடி என்பதையும். நேர்கோட்டில் அளக்காமல், ஹோஸ் வளைந்து போகிற வழியில் அளவு நாடாவைப் போடுங்கள். நான் நேர்கோட்டில் அளந்து 30 அடி ஹோஸ் வாங்கி, பிறகு 15 அடி ஒட்டுப் போட்டேன்.

10 லீற்றர் வாளி நிறைய எத்தனை செக்கன் என்று இரண்டு தடவை பாருங்கள்: தாங்கி நிறைந்திருக்கும்போது ஒன்று, கால்வாசிக்கு இறங்கிய பிறகு ஒன்று. எனக்கு 50 செக்கனும் 85 செக்கனும். நிமிடத்துக்கு 12 லீற்றர், பிறகு 7. சொட்டுநீர்க் குழாய் போட நினைப்பவர்களுக்கு இது முக்கியம். மாடிக் குழாய்க்கும் தாங்கிக்கும் உயர வித்தியாசம் சில அடிதான், அமுக்கம் மிகக் குறைவு, கடையில் விற்கிற தெளிகருவி சுற்றாது. தாங்கிக்கு எத்தனை மணிக்கு மோட்டர் போடுகிறீர்கள், கோடையில் கிணறு எந்த மாதத்தில் வற்றுகிறது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

வன்னியில் பல கிணறுகளில் தண்ணீர் கடினம். கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதா, சாடியின் வெளிப்பக்கம் உப்புப் பூக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். உவர்த் தண்ணீரைப் போஞ்சி தாங்காது, பீற்றூட் ஓரளவு தாங்கும். பரிசோதனை அறிக்கை இருந்தால் அதிலுள்ள மின்கடத்துதிறன் எண்ணை அலகோடு அப்படியே பிரதி பண்ணுங்கள். அலகை விட்டால் எண்ணால் பயனில்லை.

மழைத் தண்ணீர் வெளியேறுகிற துளைகளும் தண்ணீர்ப் புள்ளிதான். எத்தனை, எந்த மூலையில் என்று எழுதாவிட்டால் நவம்பர் மழையில் சாடி ஒன்று அதன் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும்.

6. குரங்கும் காற்றும்

எந்தக் கொப்பு மாடியைத் தொடுகிறது, குரங்கு எந்தப் பக்கத்தால் ஏறுகிறது, மயில் வருகிறதா என்று எழுதுங்கள். மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகம் அடிக்கிற பக்கம் திறந்து கிடக்கிறதா என்பதும் வேண்டும். அவ்வளவு போதும்.

7. எழுதி முடித்த விவரம் இப்படி இருக்கும்

இந்த வருடம் நான் அனுப்பியது இதுதான். கொப்பித்தாளில் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது.

> மாடி: கிழக்கு மேற்கு 30 அடி, தெற்கு வடக்கு 20 அடி. சுற்றிவரச் சுவர் 3 அடி. பூச்சியம் தென்மேற்கு மூலை. அளந்த நாள் யூலை 20, வானம் தெளிவு.
>
> நிழல் தருபவை: படிக்கட்டு அறை, கிழக்கே 0 முதல் 10, வடக்கே 0 முதல் 8, உயரம் 8 அடி. அதன் மேல் தாங்கி, இன்னும் 4 அடி. வேம்பு, கிழக்குச் சுவருக்கு வெளியே 12 அடி, மாடிக்கு மேல் 10 அடி.
>
> குழு அ: பெயின்ற் வாளி 8, வெள்ளை. மண் 9 அங்குலம், 14 லீற்றர். கிழக்கே 0 முதல் 10, வடக்கே ஒன்பதரை. இன்று 9 மணித்தியாலம். டிசம்பரில் நண்பகல் நிழலுக்குள். நகர்த்தலாம்.
>
> குழு ஆ: கறுப்புப் பை 12. மண் 10 அங்குலம், 18 லீற்றர். கிழக்கே 2 முதல் 26, வடக்கே 18. இன்று 9. டிசம்பரிலும் மறைப்பில்லை. நகர்த்தலாம்.
>
> குழு இ: அரைப் பரல் 4, நீலம். மண் 15 அங்குலம், 100 லீற்றர். கிழக்கே 28, வடக்கே 4 முதல் 16. காலை ஒன்பதரை வரை வேம்பு நிழல், பிறகு 7 மணித்தியாலம். நகர்த்த முடியாது.
>
> குழாய்: கிழக்கே 10, வடக்கே 4. நிமிடத்துக்கு 12 லீற்றர், தாங்கி இறங்கினால் 7. ஹோஸ் 45 அடி. மோட்டர் காலை 6 மணி. கேத்தலில் வெள்ளைப் படிவு உண்டு. மழைத்துளை இரண்டு, வடகிழக்கு மூலையிலும் வடமேற்கு மூலையிலும். குரங்கு வேம்பால் வரும்.

8. அனுப்புவதும் வாசித்துக் காட்டுவதும்

தபாலில் ஒரு பிரதி போட்டேன், மூன்றாம் நாள் கிடைத்தது. போனிலும் வாசித்தேன். வாசிக்கும்போது அவரைக் கீறச் சொல்லி, கீறியதைத் திரும்ப எனக்குச் சொல்லச் சொன்னேன். இந்த ஒன்றைத் தவிர்க்க வேண்டாம். அவர் தாங்கியை வடமேற்கு மூலையில் போட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

தெரிந்தவர் யாரும் இல்லாதவர்கள் இதே தாளோடு உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைச் சந்திக்கலாம். அவர் வெளிக்களத்துக்குப் போகாத நாள் எது என்று முன்னமே கேட்டுக்கொண்டு போங்கள். சின்னச் சந்தேகங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கம் இருக்கிறது. தாளைக் கொடுத்துவிட்டு வர வேண்டாம், பிரதியைக் கொடுங்கள். ஒளிப்பிரதி எடுக்க 20 ரூபா.

இரண்டு நாளில் சித்தப்பா திரும்ப அழைத்தார். "பிள்ளை, அ வரிசையை அப்பிடியே அஞ்சடி வடக்க தள்ளு. பதினாலரையில நிக்கட்டும், அங்க டிசம்பர் வெயில் தட்டும். அதில மிளகாய், எம்.ஐ. 2 இனம் வை. தக்காளி வேண்டாம். பையில கத்தரி, திருநெல்வேலி ஊதா கிடைச்சால் அது. பரலில பாகலும் புடோலும், பந்தலைக் குரங்குக்குக் கம்பி வலை போட்டு மூடு. சுவரோரம் வெறுமையாய் விடு, இல்லாட்டி வல்லாரை ஒரு தட்டில வை, ஏப்ரலுக்குப் பிறகு அதுக்கு வெயில் வந்திடும், அப்ப எடுத்திடு."

வாளிகளை நகர்த்த எனக்கும் தம்பிக்கும் அரை மணித்தியாலம் பிடித்தது. தரையில் பழைய சோக்குக் கோடு இன்னும் கிடக்கிறது, மழை வந்தால் அழிந்துவிடும் என்று அந்த எண்களைப் படிக்கட்டு அறைச் சுவரின் உட்பக்கத்தில் பெயின்ரால் எழுதி வைத்திருக்கிறேன்.